பக்கத்துத் தெருவில் உங்கள் கடைப் பெயர்: டிரேட்மார்க் பதிவா, பாஸிங் ஆஃப் வழக்கா?

கரூரில் ஒரு காபிக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் "வேப்பமரத்தடி காபி". 2009-இல் ஒரு தள்ளுவண்டியாகத் தொடங்கி, இப்போது கடையும் காபித்தூள் பாக்கெட் வியாபாரமுமாக நடக்கிறது. டிரேட்மார்க் பதிவு கிடையாது. திடீரென்று இரண்டு கிலோமீட்டர் தள்ளி "ஸ்ரீ வேப்பமரத்தடி காபி" என்று புது போர்டு ஏறுகிறது. அதே பச்சை நிறம், எழுத்தும் கிட்டத்தட்ட அதே வளைவு. இந்தக் கடைக்காரர் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். சட்டம் இந்தியாவின் 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டம்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை ஒதுக்கிவிடலாம். ஜிஎஸ்டி பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம், உத்யம் சான்றிதழ், கம்பெனிப் பதிவு, இவற்றில் எதுவுமே பெயருக்கு உரிமை தராது. அவை வரி கட்டவும் தொழில் நடத்தவும் வாங்குகிற காகிதங்கள். நகல் கடைக்காரரும் அதே பெயரில் ஜிஎஸ்டி வாங்கிவிட முடியும், வாங்கியும் இருப்பார். ஆனால் உங்களிடம் உள்ள அந்தக் காகிதங்கள் வேறு விதத்தில் பயன்படும். அதற்குப் பின்னால் வருவோம்.

இரண்டு வழிக்கும் என்ன வித்தியாசம்

பதிவு செய்த பெயரை ஒருவர் எடுத்தால் அது "அத்துமீறல்" வழக்கு. பதிவுச் சான்றிதழைக் காட்டி, அவர் பெயர் உங்கள் பெயரோடு குழப்பிக்கொள்ளும் அளவுக்கு ஒத்திருக்கிறது என்று காட்டினால் அடிப்படை முடிந்தது. உங்கள் கடை எவ்வளவு பிரபலம் என்று நிரூபிக்கத் தேவையில்லை. உரிமை இந்தியா முழுவதற்கும் உண்டு.

பதிவு இல்லையென்றால் அத்துமீறல் வழக்கே போட முடியாது. சட்டத்தின் 27-ஆவது பிரிவு அதைத் தெளிவாக மறுக்கிறது. அதே பிரிவின் இரண்டாம் பகுதிதான் பாஸிங் ஆஃப் என்ற கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தன் சரக்கை இன்னொருவர் சரக்கு என்று நம்ப வைத்து விற்கக் கூடாது என்பதுதான் இதன் சாரம். இதில் மூன்றைக் காட்ட வேண்டும். அவர் கடை திறப்பதற்கு முன்பே உங்கள் பெயருக்கு மக்களிடம் நற்பெயர் இருந்தது. அவர் பெயரைப் பார்த்து மக்கள் ஏமாறுகிறார்கள் அல்லது ஏமாறக்கூடும். அதனால் உங்களுக்கு நட்டம் வரும் அல்லது வரக்கூடும். அவர் வேண்டுமென்றே செய்தார் என்று நிரூபிப்பது கட்டாயமில்லை, நிரூபித்தால் கூடுதல் பலம்.

அப்படியானால் பதிவு செய்தவரே பெரியவர் என்று தோன்றும். இந்தியாவில் அப்படியில்லை. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மங்கலான விளக்கில் அல்வா விற்ற கடைக்கு மக்களாக வைத்த பெயர் அது. இன்னொருவர் "திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா" என்று விற்கத் தொடங்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தன்னிடமும் பதிவு இருக்கிறது, பதிவு செய்த ஒருவர் மேல் பதிவு செய்த இன்னொருவர் வழக்குப் போட முடியாது என்பது எதிர்த்தரப்பின் முக்கிய வாதம். 2015-இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பதிவு என்பது ஏற்கெனவே உள்ள உரிமையை அங்கீகரிப்பதுதான், முதலில் பயன்படுத்தியவரின் உரிமை அதைவிட மேலானது, பதிவு வைத்திருப்பவர் மீதும் பாஸிங் ஆஃப் வழக்கு நிற்கும் என்று தீர்ப்பானது.

நம் காபிக் கடைக்காரருக்கு இந்தத் தீர்ப்பு நேரடியான ஆறுதல். நகல் கடைக்காரர் ஓடிப்போய் முதலில் பதிவு வாங்கிவிட்டாலும் ஆட்டம் முடிந்துவிடாது. ஆனால் பாஸிங் ஆஃபுக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. நற்பெயர் எந்த ஊர் வரைக்கும் போகிறதோ, பாதுகாப்பும் அந்த ஊர் வரைக்கும்தான். டொயோட்டா நிறுவனம் "பிரியஸ்" பெயருக்காக நடத்திய வழக்கில், உலகமெல்லாம் பெயர் இருந்தால் போதாது, எதிராளி தொடங்கிய காலத்தில் இந்திய வாடிக்கையாளர்களிடம் பெயர் இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உலக நிறுவனத்துக்கே அப்படி என்றால், கரூர் கடைக்குக் கோயம்புத்தூரில் நற்பெயர் இருக்கிறது என்று காட்டுவது எவ்வளவு கடினம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அங்கே ஒரு "வேப்பமரத்தடி" முளைத்தால் பதிவு இருந்தால்தான் உறுதியாகத் தடுக்க முடியும்.

ஆக, தலைப்பில் உள்ள கேள்வி "இதுவா அதுவா" என்று இருந்தாலும், நகல் கடை வந்த பிறகு இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். விண்ணப்பம் போட்ட அன்றே அத்துமீறல் வழக்குக்கு உரிமை வராது. பதிவு கைக்கு வர மாதங்கள் பல ஆகும், யாராவது ஆட்சேபித்தால் வருடக் கணக்கில் இழுக்கும். அதுவரை தாங்கிப் பிடிப்பது பாஸிங் ஆஃப்தான். இங்கே வரிசைதான் முக்கியம்: முதலில் சத்தமில்லாமல் ஆதாரம், பிறகு விண்ணப்பம், அதற்குப் பிறகே நோட்டீஸ். பெரும்பாலானவர்கள் கோபத்தில் முதல் நாளே நோட்டீஸ் அனுப்புகிறார்கள். அதைப் படித்ததும் எதிராளி செய்யும் முதல் வேலை, பழைய பயன்பாட்டுத் தேதி போட்டு டிரேட்மார்க் விண்ணப்பம் தாக்கல் செய்வது.

படி 1: ஆதாரக் கோப்பு

பழைய காகிதங்களைத் தேடும்போது ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் தாளில் தேதியும், "வேப்பமரத்தடி" என்ற பெயரும் சேர்ந்து இருக்கின்றனவா? உரிமையாளர் பெயர் மட்டும் உள்ள மின் கட்டண ரசீது கடை இருந்ததைக் காட்டும், பெயர் இருந்ததைக் காட்டாது. பெயர் உள்ள, ஆனால் தேதியில்லாத போட்டோவும் அரைக்கால் ஆதாரம்தான்.

தேட வேண்டிய இடங்கள் பெரும்பாலும் பிறரிடம் இருக்கும். கவர் அச்சடித்த பிரஸ்ஸின் பில், போர்டு எழுதியவரின் ரசீது, கோயில் திருவிழா மலரில் கொடுத்த விளம்பரம், பள்ளி ஆண்டுவிழா மலர், உள்ளூர் நாளிதழ் விளம்பரம், கல்யாண ஆர்டருக்கு எழுதிக்கொடுத்த ரசீதின் கார்பன் நகல். திருவிழா மலர் ஒன்று கிடைத்தால் அது தங்கம். ஆண்டு அச்சாகியிருக்கும், பெயர் அச்சாகியிருக்கும், உங்களுக்குச் சாதகமாகப் பின்னால் தயாரித்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஜிஎஸ்டி 2017 ஜூலையில்தான் வந்தது, அதற்கு முந்தைய காலத்துக்கு வாட் பதிவும் உணவு உரிமமும் உதவும். ஆண்டுவாரியாக விற்பனைத் தொகையும் விளம்பரச் செலவும் காட்டும் சான்று ஒன்றை ஆடிட்டரிடம் வாங்குங்கள்.

இங்கே அடிக்கடி வெளிப்படும் சிக்கல்: போர்டில் ஒரு பெயர், பில்லில் வேறு பெயர். கடையை ஊரே "வேப்பமரத்தடி" என்று அழைக்கும், பில் புத்தகத்தில் மட்டும் உரிமையாளரின் இனிஷியலோடு ஏதோ ஒரு "டிரேடர்ஸ்" இருக்கும். அப்படியிருந்தால் பில்களை நம்ப முடியாது. மற்ற காகிதங்களையும், பழைய வாடிக்கையாளர்கள், சப்ளையர்களின் பிரமாணப் பத்திரங்களையும் நம்ப வேண்டும். இன்றே பில் புத்தகத்தில் கடைப் பெயரை மேலே அச்சிடத் தொடங்குங்கள்.

இன்னொரு சிக்கல் குடும்பத்துக்குள் இருக்கிறது. அப்பா தொடங்கிய கடை, உரிமம் அம்மா பெயரில், ஜிஎஸ்டி மகன் பெயரில். விண்ணப்பம் மகன் பெயரில் போனால், 2009 முதல் பயன்படுத்தியது நீங்கள் இல்லையே என்ற கேள்வி வரும். கடையும் அதன் நற்பெயரும் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதற்கு எழுத்து மூலமான ஒரு மாற்று ஆவணமோ கூட்டு ஒப்பந்தமோ விண்ணப்பத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

அடுத்தது எதிராளியைப் பற்றிய ஆதாரம். அவர் கடையில் சாதாரண வாடிக்கையாளராக யாரையாவது அனுப்பி ஒரு பாக்கெட் தூள் வாங்கச் சொல்லுங்கள். பில், பாக்கெட், கவர் மூன்றையும் பிரிக்காமல் வையுங்கள். போர்டை நெருக்கத்தில் ஒரு படம், பக்கத்துக் கடைகளோடு இடம் தெரியும்படி தூரத்திலிருந்து ஒரு படம். கூகுள் மேப், டெலிவரி ஆப் பக்கங்களை முகவரியும் தேதியும் தெரியும்படி சேமியுங்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றும் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் எந்தப் போனில், யார், என்று எடுத்தார் என்பதை அன்றே குறித்துவையுங்கள்.

குழப்பம் நடந்ததற்கான நேரடிச் சான்றுதான் எல்லாவற்றையும்விட வலுவானது. அந்தக் கடையின் டெலிவரி ஆள் ஆர்டர் எடுக்க உங்களிடம் வந்து நிற்பது, "உங்க புதுக் கிளையில தூள் கசக்குதே" என்று யாராவது உங்களுக்கு அனுப்பும் வாட்ஸ்அப், அவர்களுடைய பால் சப்ளையரின் பில் உங்கள் கடைக்கு வருவது. இப்படி ஒவ்வொன்றையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

படி 2: விண்ணப்பம்

முதலில் ipindia.gov.in தளத்தின் பொதுத் தேடலில் பெயரைத் தேடுங்கள். சொல்லாக ஒருமுறை, ஒலி ஒற்றுமைக்கான "Phonetic" தேர்வில் ஒருமுறை. எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போடுங்கள், தமிழ்ச் சொல்லை ஆங்கிலத்தில் பத்து விதமாக எழுதுவார்கள். நகல் கடைக்காரர் ஏற்கெனவே விண்ணப்பித்திருக்கிறாரா என்பதும் இங்கேயே தெரிந்துவிடும்.

படிவம் TM-A. தனிநபர், ஸ்டார்ட்அப், உத்யம் சான்றுள்ள சிறு நிறுவனம் ஆகியோருக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. நம் கடைக்கு இரண்டு வகுப்பு வேண்டும். காபி போட்டுப் பரிமாறுவது 43-ஆம் வகுப்பு, காபித்தூள் விற்பது 30-ஆம் வகுப்பு. ஆக 9,000 ரூபாய் அரசுக் கட்டணம். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு நாளை தூள் பாக்கெட்டை ஒருவர் நகலெடுக்கும்போது வாதாடிக்கொண்டிருப்பதைவிட இந்த 4,500 மலிவு.

பெயரை லோகோவோடு சேர்த்துப் பதிய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் அலங்காரமில்லாத வெறும் சொல்லுக்கே போடுங்கள். படத்தோடு பதிந்தால் எதிராளி "என் மரம் வேறு மாதிரி, என் நிறம் வேறு" என்று பேச இடம் கிடைக்கும். தமிழ் எழுத்து உள்ள குறிக்கு ஒலிபெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தர வேண்டும், அதை விட்டுவிட்டால் வீண் தாமதம்.

படிவத்தில் ஒரு கட்டம்தான் மொத்த வழக்கையும் தீர்மானிக்கும்: எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்பது. அவசரத்தில் நிரப்பும் ஏஜென்ட்டுகள் ஆதாரம் இணைக்கிற வேலை மிச்சம் என்று "இனிமேல் பயன்படுத்த உத்தேசம்" என்ற "Proposed to be used" தேர்வை அழுத்திவிடுகிறார்கள். 2009-இலிருந்து கடை நடத்துகிறவர் இன்னும் தொடங்கவே இல்லை என்று கையெழுத்துப் போட்டதாகிவிடும். நீதிமன்றத்தில் எதிராளியின் வக்கீல் முதலில் காட்டுவது அந்தத் தாளைத்தான். பயன்பாட்டுத் தேதியைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்று நம்பி இருக்க வேண்டாம். எனவே தேதியைச் சொல்லி, பயன்பாட்டுப் பிரமாணப் பத்திரத்தையும் ஆதாரங்களையும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். ஆதாரம் 2012-இலிருந்துதான் கிடைக்கிறதென்றாலும் உண்மையான தொடக்கம் 2009 என்றால் 2009-ஐச் சொல்லலாம். ஆனால் கௌரவத்துக்காக 1999 என்று எழுதினால், ஒரு பொய்யில் மொத்தக் கோப்பும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

அதற்குப் பிறகு தளத்தில் "Objected" என்று வந்தால் பதற வேண்டாம், அது நிராகரிப்பு இல்லை. பரிசோதனை அறிக்கை கையில் கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும், விட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். ஏற்கப்பட்டால் டிரேட்மார்க் அலுவலகத்தின் இதழில் வெளியாகும், அதிலிருந்து நான்கு மாதம் மற்றவர்கள் ஆட்சேபிக்கலாம். இதே நான்கு மாதம் உங்களுக்கும் பொருந்தும். எதிராளியின் விண்ணப்பம் இதழில் வந்தால் TM-O படிவத்தில், ஆன்லைனில் வகுப்புக்கு 2,700 ரூபாய் கட்டி நீங்கள் எதிர்க்க வேண்டும். இந்தக் கெடுவுக்கு நீட்டிப்பு கிடையாது.

பெயரே பலவீனமாக இருந்தால் இதெல்லாம் சிரமம். "வேப்பமரத்தடி" காபியைப் பற்றி ஒன்றும் சொல்லாத சொல், அதனால் நல்ல பெயர். நெடுஞ்சாலை ஓரம் எங்கு பார்த்தாலும் நிற்கும் "கும்பகோணம் டிகிரி காபி" போர்டுகளை நினைத்துப் பாருங்கள். ஊர்ப் பெயரும் பொருளின் வர்ணனையும் மட்டுமே உள்ள பெயரை ஒரு கடைக்காரர் தனக்கென்று கட்டிப்போடுவது மிகக் கடினம்.

படி 3: நோட்டீஸ்

விண்ணப்ப எண் வந்த பிறகு வக்கீல் நோட்டீஸ். அதில் "என் பதிவு பெற்ற டிரேட்மார்க்" என்றோ "அத்துமீறல்" என்றோ எழுதக் கூடாது, இன்னும் பதிவு இல்லை. ஆதாரமற்ற மிரட்டல் என்று 142-ஆவது பிரிவின்படி அவரே உங்கள் மேல் வழக்குப் போட இடம் கொடுக்கும். முதல் பயன்பாடு, நற்பெயர், பாஸிங் ஆஃப் என்ற சொற்களோடு நிறுத்துங்கள். அதேபோல போர்டில் ™ போடலாம்; பதிவு கிடைக்கும் முன் ® போடுவது குற்றம்.

கேட்பது திட்டவட்டமாக இருக்கட்டும். போர்டு, கவர், பில், ஜிஎஸ்டி வணிகப் பெயர், உணவு உரிமம், கூகுள் மேப், டெலிவரி ஆப், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாளில் மாற்றம் என்று. "ஸ்ரீ" அல்லது "புதிய" என்று முன்னால் ஒரு சொல் சேர்த்துத் தப்பிக்க முடியாது என்பதையும் எழுதிவிடுங்கள். பெயரின் உயிரான பகுதி அப்படியே இருந்தால் ஒட்டுச் சொல்லால் குழப்பம் தீராது என்பதே நீதிமன்றங்களின் பொதுவான பார்வை.

சமாதானத்துக்கு வந்தால் வெறும் மன்னிப்புக் கடிதத்தோடு விடாதீர்கள். ஆறு மாதத்தில் மைத்துனர் பெயரில் அதே போர்டு திரும்ப ஏறும். வழக்கு போட்டிருந்தால், அவர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவது உட்பட எல்லாம் சமரசத் தீர்ப்பாகப் பதிவாக வேண்டும். அப்போதுதான் மீறினால் நேரே நிறைவேற்ற மனு போட முடியும்.

படி 4: வழக்கு

பாஸிங் ஆஃப் வழக்கை மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே எங்கும் போட முடியாது. மதிப்பு 3 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வணிக நீதிமன்றம். அங்கே வழக்குக்கு முன் சமரசப் பேச்சு கட்டாயம், அவசர இடைக்கால நிவாரணம் கேட்டால் மட்டும் விலக்கு. இதில் ஒரு பொறி இருக்கிறது. நகல் கடையைத் தெரிந்தும் எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டு "அவசரம்" என்று போய் நின்றால் நம்பவைப்பது கடினம். இடைக்காலத் தடைக்கும் அதே கதிதான். உண்மையில் இந்த வழக்குகளின் முடிவு பெரும்பாலும் இடைக்கால உத்தரவிலேயே தெரிந்துவிடும். தடை கிடைத்துவிட்டால் எதிராளி புது போர்டுக்கு ஆர்டர் கொடுத்துவிடுவார். ஆகவே தெரிந்த நாளைக் குறித்துவைத்து, வாரக் கணக்கில் நகருங்கள்.

எங்கே போடுவது என்பதிலும் இரண்டு வழிக்கும் வித்தியாசம் உண்டு. பதிவு இருந்தால் 134-ஆவது பிரிவு நீங்கள் தொழில் நடத்தும் ஊரிலேயே வழக்குப் போட விடுகிறது. பாஸிங் ஆஃபுக்கு அந்தச் சலுகை இல்லை, எதிராளி இருக்கும் இடத்திலோ ஏமாற்று நடந்த இடத்திலோதான் போட வேண்டும். நம் உதாரணத்தில் இருவரும் கரூர் என்பதால் பிரச்சினை இல்லை. அவர் ஓசூரில் இருந்தால் பொதுவாக ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள்தான் பஸ் ஏற வேண்டியிருக்கும்.

வழக்கு நடக்கும்போதே பதிவு வந்துவிட்டால் அத்துமீறலையும் சேர்த்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். பதிவு விண்ணப்பித்த தேதியிலிருந்தே கணக்காகும். அப்போது எதிராளி, "நீங்கள் விண்ணப்பிக்கும் முன்பே நான் கடை திறந்துவிட்டேன், 34-ஆவது பிரிவின்படி முந்தைய பயன்பாட்டாளர் நான்" என்பார். கேட்க நியாயமாகத் தோன்றும், ஆனால் நிற்காது. அந்தப் பாதுகாப்பு கிடைக்க, அவருடைய பயன்பாடு உங்கள் பதிவுத் தேதி, உங்கள் முதல் பயன்பாட்டுத் தேதி இரண்டில் எது முந்தியதோ அதற்கும் முன்னால் தொடங்கியிருக்க வேண்டும். உங்கள் 2009-க்கு முன் அவர் இல்லை. அந்த 2009-ஐக் காட்டப் போவது கோப்பில் இருக்கும் திருவிழா மலரும் கார்பன் ரசீதும்தான். அவற்றின் அசலை வக்கீலிடம் கொடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.